பில் ஏறுகிறது, பீஸ் ஏறவில்லை: பொருள் அறிமுகம், வளர்ச்சி, முதிர்ச்சி, சரிவு இதில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தப்பாகக் கணித்த அனுபவங்களைப் பகிருங்கள்

கோவை_கணக்கு
கோவையில் டேபிள்டாப் கிரைண்டர் செய்யும் ஒரு யூனிட். 2 லிட்டர் மாடல்தான் சோறு போடுவது. நாலு வருட விற்பனை 6 கோடி, 7.93 கோடி, 9.15 கோடி, 10.11 கோடி. கடைசி வருடமும் 10 சதவீதம் ஏறியிருக்கிறது, இன்னும் வளர்ச்சிக் கட்டம்தான் என்று சொல்லி, இரண்டாவது ஷெட்டுக்கும் புது மோல்டுக்கும் பேங்க் லோன் பேப்பர் தயாராகிவிட்டது.

ரூபாயை ஓரமாக வைத்துவிட்டு பீஸ் கணக்கைக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. 20,000, 26,000, 28,600, 28,900. அதாவது 30 சதவீதம், 10 சதவீதம், 1 சதவீதம். 10 சதவீத உயர்வில் ஏறக்குறைய முழுவதும், டீலர் விலையை 3,200-லிருந்து 3,500 ஆக்கியதால் வந்தது.

அதோடு நிற்கவில்லை. மாதவாரியாகப் பிரித்தால் மார்ச்சில் மட்டும் 5,200 பீஸ். மற்ற மாதங்களில் சராசரி 2,150. முந்தின வருட மார்ச் 2,600தான். அடுத்து வந்த ஏப்ரலில் வெறும் 700. வருடக் கடைசியில் 20 வாங்கினால் 1 இலவசம் என்று ஸ்கீம் போட்டுத் தள்ளியிருக்கிறார்கள். சரக்கு வீடுகளுக்குப் போகவில்லை, டீலர் கிடங்கில் அட்டைப்பெட்டியாக அடுக்கியிருக்கிறது. அந்த அடுக்கு கண்ணிலேயே நிற்கிறது. லோன் பேப்பரில் இருந்த வளர்ச்சி என்பது அந்தப் பெட்டிகள்தான்.

லாபநட்டம்
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மார்ஜினைப் பாருங்கள். மூன்றாம் வருடம் பீஸுக்கு நேரடிச் செலவு 2,400, கையில் 800, அதாவது 25 சதவீதம். நாலாம் வருடம் செலவு 2,730, கையில் 770, 22 சதவீதம். வளர்ச்சி நின்று மார்ஜினும் மூன்று புள்ளி இறங்கினால் அது சரிவு. விளம்பரத்தை நிறுத்தி, உற்பத்தியைக் குறைத்து, வரும் பணத்தை எடுத்துக்கொண்டு வெளியே வர வேண்டியதுதான்.

ஸ்டோர்_ரிஜிஸ்டர்
லாபநட்டம், பீஸ் வளர்ச்சியையும் மார்ஜினையும் சேர்த்துப் பார்த்தது சரி. மார்ஜினைப் படித்த விதம் தப்பு.

ஸ்டீலும் காப்பரும் ஏறி, செலவு 300 கூடி, விலையையும் அதே 300 கூட்டினால் கையில் நிற்பது அதே 800தான். ஆனால் 3,500-க்கு 800 என்பது 22.9 சதவீதம். போட்டி ஒரு ரூபாய்கூடத் தின்னவில்லை, சதவீதம் மட்டும் 2 புள்ளிக்கு மேல் இறங்கிவிட்டது. அதனால் சரக்கு விலை ஏறும் வருடத்தில் பீஸுக்கு எத்தனை ரூபாய் என்றுதான் பார்க்க வேண்டும். இங்கே உண்மையில் குறைந்தது 30 ரூபாய். அதோடு மார்ச் ஸ்கீமில் போன 260 இலவச பீஸின் செலவு சுமார் 7 லட்சம். 28,900 பீஸுக்குப் பிரித்தால் இன்னொரு 25 ரூபாய். ஆக 800 என்பது 745 ஆகியிருக்கிறது. இது டீலரைப் பிடித்துவைக்கக் கொடுக்கும் விலை. முதிர்ச்சிக் கட்டத்தின் அடையாளம் இதுதான், சரிவுக்கு இது மட்டும் போதாது.

இதைச் சரிவு என்று எடுத்துக்கொண்டு விளம்பரத்தையும் சர்வீஸையும் வெட்டினால், அடுத்த வருடம் விற்பனை தானாக விழும். அப்போது "பார்த்தீர்களா, சொன்னேனே" என்பார்கள். விழவைத்தது அந்த வெட்டுதான்.

புதுசா_வந்தவன்
ஒரு சந்தேகம். சிறுதானிய தோசை மிக்ஸ் போட்டு 8 மாதம் ஆகிறது. மாதம் 400 பாக்கெட்டிலிருந்து 600 ஆகியிருக்கிறது. 50 சதவீத வளர்ச்சி, ஆனால் நஷ்டம். இது வளர்ச்சிக் கட்டம்தானே? விலையைக் குறைத்துக் கடைகளைப் பிடிக்கலாமா?

ஸ்டோர்_ரிஜிஸ்டர்
400 என்பது சின்ன அடித்தளம், அதன் மேல் சதவீதம் போடாதீர்கள். ஒரு சூப்பர்மார்க்கெட் புதிதாக எடுத்தாலே 200 பாக்கெட் கூடும். முதலில் 600-ஐ உடையுங்கள்: பழைய கடைகளே திரும்ப ஆர்டர் போட்டவை எத்தனை, முதல் தடவை வைத்தவை எத்தனை. ஒரே கடையில் மூன்றாவது ஆர்டர் முதல் ஆர்டரைவிடக் கூடியிருந்தால் வளர்ச்சி தொடங்குகிறது என்று சொல்லலாம். புதுக் கடைகளால் மட்டும் ஏறியிருந்தால் இன்னும் அறிமுகக் கட்டம். அப்போது விலையைக் குறைப்பதில் பயனில்லை. சாப்பிட்டுப் பார்க்காதவர்களுக்கு அது 5 ரூபாய் குறைந்தாலும் தெரியாத பாக்கெட்தான். அந்தப் பணத்தைக் கடையில் சுட்டுக் கொடுத்து ருசி பார்க்கவைப்பதில் போடுங்கள். நஷ்டத்தையும் இரண்டாகப் பிரியுங்கள். மாவு, பாக்கெட், கடைக் கமிஷன் கழித்த பிறகு பாக்கெட்டுக்குக் கொஞ்சமாவது நின்றால், வாடகையும் சம்பளமும் அளவு கூடும்போது அடைபடும். பாக்கெட்டிலேயே நஷ்டம் என்றால் எத்தனை விற்றாலும் தேறாது.

பழைய_வாக்மேன்
கிரைண்டரை விடுங்கள், ஐபாட் கணக்கைப் பாருங்கள். ஆப்பிள் வெளியிட்ட எண்கள்: 2006 நிதியாண்டில் 3.94 கோடி பீஸ், 2007-ல் 5.16 கோடி, 2008-ல் 5.48 கோடி, 2009-ல் 5.41 கோடி. வளர்ச்சி 31 சதவீதத்திலிருந்து 6-க்கு வந்து, அப்புறம் மைனஸ். பீஸ் எண்ணிக்கை உச்சத்தைத் தொடும் முன்பே வேகம் செத்துவிட்டது. எனக்கு உறுத்துவது சராசரி விலை. 2007-லிருந்து 2011 வரை வருமானத்தைப் பீஸால் வகுத்தால் 150-லிருந்து 175 டாலருக்குள்ளேயே நிற்கிறது. விலையை மட்டும் பார்த்தவருக்குச் சரிவே தெரிந்திருக்காது. 2007 செப்டம்பரில் வந்த ஐபாட் டச் விலை கூடிய மாடல், அது சராசரியைத் தாங்கியது. அடியில் சாதாரண மாடல்கள் கரைந்துகொண்டிருந்தன. 2013-ல் மொத்தமே 2.64 கோடி. ஆகவே கோவை யூனிட்டிலும் மாடல்வாரியாகப் பிரிக்காமல் எதையும் முடிவு செய்யக் கூடாது.

கோவை_கணக்கு
அங்கே மாடல் ஒன்றுதான், அதனால் அந்தக் குழப்பம் இல்லை. ஸ்டோர்_ரிஜிஸ்டர் சொன்ன 745-ஐ ஏற்கிறேன். ஆனால் ஒன்று இடிக்கிறது. மார்ச்சில் அதிகமாகத் தள்ளிய சுமார் 3,000 பீஸைக் கழித்தால் வீடுகளுக்குப் போனது 25,900. அப்போது வளர்ச்சி 1 சதவீதம் இல்லை, மைனஸ் 9. இதையும் முதிர்ச்சி என்கிறீர்களா?

ஸ்டோர்_ரிஜிஸ்டர்
அந்த மைனஸ் 9 யாருடையது என்று தெரியாமல் சொல்ல முடியாது. பெரிய டீலர்கள் ஐந்தாறு பேரிடம் எல்லா பிராண்டும் சேர்த்து 2 லிட்டர் கிரைண்டர் எத்தனை போனது என்று கேட்டு வாங்குங்கள். மொத்தம் அப்படியே இருந்து உங்கள் பங்கு மட்டும் குறைந்திருந்தால் அது போட்டியில் தோற்றது, கட்டம் மாறவில்லை. மொத்தமே குறைந்திருந்தால் வாரண்டி கார்டில் ஒரு கேள்வி சேருங்கள்: "வீட்டில் பழைய கிரைண்டர் இருந்ததா?" வாங்குபவர்களில் பெரும்பாலோர் பழையதை மாற்றுபவர்கள் என்றால் சந்தை நிரம்பிவிட்டது. அதற்கு எக்ஸ்சேஞ்ச் ஆஃபர், தேங்காய்த் துருவி, மாவு பிசையும் அட்டாச்மென்ட், சின்னக் குடும்பத்துக்கு 1.25 லிட்டர் மாடல் என்று பழைய வாடிக்கையாளரைச் சுற்றியே போக வேண்டும். பழைய கிரைண்டர் கெட்டதும் புதிது வாங்காமல் பாக்கெட் மாவுக்குப் போகிறார்கள் என்றால் அதுதான் சரிவு. அப்படிப் போனவர்கள் வாரண்டி கார்டில் வர மாட்டார்கள். சர்வீஸ் சென்டர் ரிஜிஸ்டரில் பெல்ட், குழவி மாற்றுவது கூடுகிறதா குறைகிறதா என்று பாருங்கள். கூடினால் கிரைண்டரை இன்னும் ஓட்டுகிறார்கள், வாங்குவதைத் தள்ளிப்போடுகிறார்கள்.

லாபநட்டம்
பெல்ட் கணக்கை முழுக்க நம்ப மாட்டேன். பாதிப் பேர் தெருமுனை மெக்கானிக்கிடம் மாற்றிக்கொள்கிறார்கள், கம்பெனி ரிஜிஸ்டரில் வராது. இரண்டு வருடம் மொத்தச் சந்தையும் இறங்கினால் சரிவு என்பதே என் நிலை.

கோவை_கணக்கு
ரிஜிஸ்டர் கேட்டிருக்கிறோம். ஷெட் வேலையை நிறுத்தியாகிவிட்டது. இருக்கிற ஷெட்டில் மாதம் 2,600 வரை செய்யலாம், இப்போது கடைக்கு வெளியே போவது 2,150-தான். டீலர் பெட்டிகள் காலியாகும்வரை, அதாவது ஜூன் கடைசி வரை, மாத எண்ணைப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.