[கலைச்சொல்] கன்ட்ரோல் வால்வில் கேவிடேஷன், ஃப்ளாஷிங்: ஒரே சொல் போதுமா?

நாச்சியார்:

வணக்கம். கருவியியல் சொற்பட்டியலில் இந்த இரண்டு சொற்களும் இன்னும் தொங்கலில் இருக்கின்றன. கேவிடேஷனுக்குக் ‘குழிப்பு’ என்று ஒரு பரிந்துரை வந்திருக்கிறது. ஃப்ளாஷிங்குக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. இரண்டிலுமே வால்வுக்குள் நீர் ஆவியாகிறது என்றால், ஒரே சொல்லில் முடித்துவிடலாமா? துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

இராசு:

குழிப்பே சரி அம்மா. கேவிடேஷன் பட்ட பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் குழி குழியாகத்தான் இருக்கும். ஃப்ளாஷிங் என்பது அதுவே முற்றிய நிலை, ‘கடுங்குழிப்பு’ என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: பிளக்குக்கும் சீட்டுக்கும் ஸ்டெல்லைட் என்ற கடினமான உலோகக்கலவையைப் பூச வேண்டும்.

குமரேசன்:

இராசு சொன்னதில் முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஃப்ளாஷிங் கேவிடேஷனின் முற்றிய நிலை அல்ல. வால்வுக்குப் பின்னால் இருக்கும் அழுத்தம்தான் இரண்டையும் பிரிக்கிறது. ஒரு கணக்கோடு பார்த்தால் சொல்லும் தானே அமையும்.

ஹீட்டரிலிருந்து ஃப்ளாஷ் டேங்குக்குப் போகும் கண்டென்சேட் லைனில் ஒரு குளோப் வால்வு இருக்கிறது. நீர் 150 டிகிரி செல்சியஸ், வால்வுக்கு முன் 10 பார். இங்கே எல்லா அழுத்தமும் வளிமண்டலத்தையும் சேர்த்தது. கேஜ் அளவை அப்படியே போட்டுக் கணக்கைக் கெடுத்துக்கொள்பவர்கள் நிறைய. 150 டிகிரியில் நீர் 4.76 பாரில் கொதிக்கும்.

சீட்டைத் தாண்டியதும் ஓட்டம் மிக ஒடுங்கும் இடத்தில் வேகம் உச்சத்துக்கும் அழுத்தம் அடிமட்டத்துக்கும் போகிறது. அதன் பிறகு அழுத்தம் ஓரளவு மீள்கிறது. பின்னழுத்தம் 5.5 பார் என்று வையுங்கள். ஒடுங்கிய இடத்தில் ஏறக்குறைய 4.4 பார்தான் இருக்கும். அது 4.76-க்குக் கீழே என்பதால் அங்கே குமிழ்கள் பிறக்கும். அழுத்தம் 5.5-க்கு மீளும்போது அவை நொறுங்கும். நொறுங்கும் குமிழ் ஒவ்வொன்றும் ஊசி போன்ற ஒரு நீர்த்தாரையை உலோகத்தின் மேல் பாய்ச்சுகிறது. குழாய்க்குள் ஜல்லி உருளுவது போன்ற சத்தம் அதனால்தான். இது கேவிடேஷன்.

அதே வால்வு 1.2 பார் டேங்குக்குள் கொட்டினால் அழுத்தம் 4.76-ஐ எட்டவே எட்டாது, குமிழ் நொறுங்கவும் நொறுங்காது. எடையில் 8.6 விழுக்காடு ஆவியாகி அப்படியே வெளியேறும். 8.6 என்பது சிறிதாகத் தெரியலாம், ஆனால் அந்த ஆவியோடு சேர்ந்த மொத்தக் கொள்ளளவு நீராக இருந்ததைப்போல 110 மடங்கைத் தாண்டும். அதே குழாயில் அவ்வளவும் போக வேண்டுமென்றால் வேகம் எகிறும், மிச்ச நீர் துளிகளாகி உலோகத்தைத் தேய்க்கும். இது ஃப்ளாஷிங்.

கழற்றிப் பார்த்தாலும் தெரியும். கேவிடேஷன் பட்ட இடம் வெந்த கரித்துண்டு மாதிரி சொரசொரப்பாக இருக்கும். ஃப்ளாஷிங் பட்ட இடம் வழவழவென்று பளபளக்கும். பளபளக்கும் பிளக்கைக் காட்டிக் ‘கடுங்குழிப்பு’ என்றால் யாருக்குப் புரியும்?

இராசு:

வேறுபாடு புரிந்தது. ஆனால் ஸ்டெல்லைட் இரண்டுக்கும் உதவும்தானே?

குமரேசன்:

உதவும், ஆனால் காரணத்தை நீக்காது. கேவிடேஷனில் பிளக்கும் சீட்டும் அடங்கிய ட்ரிம் கடினமாக இருந்தால் சேதத்தைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். குமிழே பிறக்காமல் செய்யப் பல படிகளாக அழுத்தத்தைக் குறைக்கும் ட்ரிம் வேண்டும். அல்லது பிளக்கைச் சுற்றியுள்ள துளையிட்ட கூண்டில் எதிரெதிர்த் தாரைகள் நடுவில் மோதும்படி வைத்தால், குமிழ்கள் உலோகத்தை விட்டு விலகி நொறுங்கும்.

ஃப்ளாஷிங்கை எந்த ட்ரிமாலும் நிறுத்த முடியாது. பின்னழுத்தம் டேங்கின் கையில் இருக்கிறது, வால்வின் கையில் இல்லை. அதனால் ஆங்கிள் வால்வை டேங்கின் வாயிலேயே வைத்து நேராக உள்ளே கொட்டவிடுவார்கள். பாடிக்குக் கார்பன் ஸ்டீலுக்குப் பதில் குரோம்-மாலி ஸ்டீல் போடுவார்கள். பிளக்கை மட்டும் ஸ்டெல்லைட் ஆக்கிவிட்டுப் பாடியைச் சாதாரண வார்ப்பாக விட்டால் பாடியின் வெளிவாய்ச் சுவரும் அடுத்த எல்போவும் மெலியும்.

பிரபா:

எங்கட பம்பிலயும் இதே சத்தம் வந்தது. உறிஞ்சும் பக்கத் தொட்டிய உயர்த்தி வச்சதும் நின்டிட்டுது. வால்வுக்கும் முன்பக்க அழுத்தத்தக் கூட்டினாச் சரிவரும்தானே? சொல் எதுவெண்டாலும் பம்புக்கும் பொருந்த வேணும்.

குமரேசன்:

இங்கே அது தலைகீழாகும், பிரபா. பம்பில் குமிழ் பிறப்பது உறிஞ்சும் பக்கம், அதனால் அந்த அழுத்தத்தை உயர்த்துவது மருந்து. வால்வில் பின்னழுத்தம் மாறாமல் முன்னழுத்தத்தைக் கூட்டினால் அழுத்த வீழ்ச்சி பெருகிக் கேவிடேஷன் இன்னும் கடுமையாகும். உயர்த்த வேண்டியது பின்பக்கம். வால்வுக்குப் பின் ஓரிஃபிஸ் தகடு வைப்பது அதற்குத்தான். ஆனால் ஓட்டம் பாதியானால் தகட்டின் அழுத்த வீழ்ச்சி கால் பங்காகிவிடும், குறைந்த சுமையில் தகடு இருந்தும் பயனில்லை. சொல் பம்புக்கும் பொருந்த வேண்டும் என்பதை ஏற்கிறேன்.

நாச்சியார்:

அப்படியானால் கேவிடேஷனுக்குக் ‘குமிழ்க்குலைவு’ என்று வைக்கலாமா? குழி விளைவு, குலைவுதான் நிகழ்வு. தவிர, ‘குழி அரிப்பு’ பிட்டிங் வகைத் துருவுக்கு ஏற்கெனவே போய்விட்டது. ஃப்ளாஷிங்குக்கு ‘உடனாவியாதல்’. சோக்டு ஃப்ளோவுக்கு ‘அடைப்போட்டம்’ என்று ஒருவர் அனுப்பியிருக்கிறார்.

குமரேசன்:

குமிழ்க்குலைவு நன்று. ‘அடைப்போட்டம்’ வேண்டாம். அதைப் படிக்கும் ஃபிட்டர் வால்வில் ஏதோ கசடு மாட்டியிருக்கிறது என்று கழற்றத் தொடங்குவார். அடைப்பு எதுவும் இல்லை. ஒடுங்கிய இடத்தில் ஆவி இடத்தைப் பிடித்துக்கொள்வதால், பின்னழுத்தத்தை இன்னும் குறைத்தாலும் ஓட்டம் கூடுவதில்லை. அந்த எல்லையை இப்படிக் கணக்கிடுகிறோம்:

```
ΔPmax = FL² (P1 − FF·Pv)
FF    = 0.96 − 0.28 √(Pv/Pc)
```

இங்கே P1 முன்னழுத்தம், Pv நீர் கொதிக்கும் அழுத்தம், Pc நீரின் மாறுநிலை அழுத்தம். FL வால்வின் அழுத்த மீட்சிக் கெழு, மீட்சி கூடினால் அது இறங்கும். நம் கண்டென்சேட்டுக்கு FF 0.919, குளோப் வால்வின் FL 0.9 என்றால் எல்லை 4.56 பார். டேங்குக்கு உண்மையில் 8.8 பார் வீழ்ச்சி இருக்கிறது. வால்வின் Kv, அதாவது 1 பார் வீழ்ச்சியில் மணிக்கு எத்தனை கன மீட்டர் குளிர்ந்த நீர் போகும் என்ற அளவு, 17 என்றால், 8.8-ஐப் போட்டுக் கணக்கிட்டவருக்கு மணிக்கு 53 கன மீட்டர் வரும். லைனில் வருவது 38. வால்வை முழுக்கத் திறந்தும் ஹீட்டரில் மட்டம் ஏறுகிறதே என்று டேங்க் அழுத்தத்தைக் குறைப்பவர்கள் உண்டு. ஓட்டம் ஒரு லிட்டர்கூட அதிகரிக்காது, வேகமும் தேய்மானமும்தான் கூடும். அங்கே பெரிய Kv வேண்டும். பால் வால்வில் அழுத்தம் அதிகம் மீள்வதால் FL 0.6 வரை இறங்கலாம், அப்போது எல்லை 2 பார்தான். அதனால் குளோபுக்குப் பதிலாக அதே Kv உள்ள பால் வால்வைப் போட்டால் ஓட்டம் இன்னும் குறையும்.

இராசு:

‘உச்சவோட்டம்’ என்றால்?

குமரேசன்:

வால்வை முழுக்கத் திறந்தால் கிடைக்கும் ஓட்டத்தோடு குழம்பும். ‘நெரியோட்டம்’ எனக்குப் பிடித்திருக்கிறது. வாயுவிலும் இதே நிலை ஒலிவேகத்தில் வருகிறது, அதற்கும் ஒத்துவரும்.

பிரபா:

நெரியோட்டம் எண்டா எனக்குச் சந்தைச் சனம்தான் ஞாபகம் வருது. குமிழ்க்குலைவு ஓகே. ஆனா ஸ்பேர்ஸ் ஓர்டர் பண்ணேக்க எங்கட பெடியள் கேவிடேஷன் எண்டுதான் எழுதுவாங்கள், அதையும் பட்டியல்ல பக்கத்தில போடுங்கோ.

நாச்சியார்:

போடுகிறேன். குமிழ்க்குலைவைப் பதிந்துவிட்டேன். நெரியோட்டத்தைப் பரிசீலனையில் வைக்கிறேன். ‘உடனாவியாதல்’ பற்றி இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை. பாயிலர் புளோடவுனில் ஃப்ளாஷ் ஸ்டீம் என்கிறோமே, அதற்கு ‘உடனாவி’ என்றால் இரண்டும் ஒரே வேரில் அமையும். நீராவித் துறையினர் யாராவது சொல்லுங்கள்.