புதுப்பிப்பு: அடுக்குத் தொடரின் இரண்டு முனைகள்

முன்பு கேட்டது: "Σ (x−2)ⁿ/(n·3ⁿ), n = 1 முதல். ஒருங்கு ஆரம் 3 வந்துவிட்டது. x = −1, x = 5 இரண்டும் ஒருங்கு இடைவெளியில் சேருமா?"

முனைகளில் விகிதச் சோதனை 1 தருவதால் இரண்டிலும் தொடர் விரியும் என்றார் ஒருவர். 1 வந்தால் அந்தச் சோதனை எதுவுமே சொல்லாது, முனைகளை நேரே போட்டுப் பாருங்கள் என்றார் ஓர் ஆசிரியர். சரி, போட்டேன். x = 5-இல் Σ 1/n, விரியும். x = −1-இல் Σ (−1)ⁿ/n; உறுப்புகள் குறி மாறி மாறி, அளவில் குறைந்துகொண்டே 0-க்குப் போவதால் ஒருங்கும். கூட்டுத்தொகைகூட −ln 2 என்று அழகாக வருகிறது. ஆக இடைவெளி [−1, 5).

இன்னொருவர் தன் வீட்டுக்கணக்கோடு வந்தார்: கீழே n-க்குப் பதில் n². ஆரம் அதேதான், ஆனால் இரு முனையும் சேரும். x கலப்பெண் என்றால் |x−2| = 3 என்ற வட்டத்தின் மற்ற புள்ளிகளில் என்ன ஆகும் என்றும் கேட்டார். அதற்கு இன்னும் யாரும் பதில் போடவில்லை.