'சங்க்' தமிழில்: துண்டா, கண்ணியா?

திருப்பூரிலிருந்து:
வணக்கம்ங்க. முடிவில்லாமல் ஓடும் விளையாட்டு ஒன்றுக்குத் தமிழில் கையேடு எழுதுகிறேன், ஆங்கிலத்தின் chunk, அதாவது 'சங்க்' என்ற சொல்லில் மாட்டிக்கொண்டேன். பத்துப் பதினைந்து நொடி ஓடுமளவு பாதைகளைக் கையால் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை கடின எண் போட்டிருக்கிறேன். முதலில் 1 மட்டும்தான் வரும், 400 மீட்டருக்கு ஒருமுறை வரம்பு ஒன்று ஏறும், அதற்குள் அடங்குவதில் ஒன்று முந்தையதன் வாலில் ஒட்டிக்கொள்ளும். 'துண்டு' என்று எழுதினேன், மனசு ஒப்பவில்லை.

பொள்ளாச்சியிலிருந்து:
துண்டு போதுமே. மைன்கிராஃப்டில் 16க்கு 16 கட்டம் கொண்டதும் சங்க்தானே, இரண்டுக்கும் ஒரே சொல் இருக்கட்டும்.

சோமனூரிலிருந்து:
பெயர் ஒன்றுதான், வேலை வேறு. அங்கே உலகத்தைக் கணக்குப் போட்டு உண்டாக்குகிறார்கள், சங்க் அதைக் கூறுபோடும் அளவு. இங்கே முழுசு என்று ஒன்று கிடையாது, கோத்தால்தான் பாதை. அதனால் சங்கிலிக்கு இருப்பது போல 'கண்ணி' என்கிறேன். இரண்டு கண்ணி சேரும் இடத்துக்கும் ஒரு பெயர் வேண்டும், சிக்கல் முழுக்க அங்கேதான். எங்கள் தறியில் பாவு தீர்ந்தால் பழைய இழையோடு புது இழையை ஒவ்வொன்றாகப் பிணைப்போம், எண்ணிக்கை பொருந்தாவிட்டால் துணி போச்சு. அதனால் 'பிணைப்பு'.

கோபியிலிருந்து:
கடினம் ஏறுவதற்கு வேகத்தைக் கூட்டினால் போதாதா? எதற்கு இத்தனை கண்ணி?

திருப்பூரிலிருந்து:
வேகமும் கூடுகிறதுங்க, நொடிக்கு 8 மீட்டரில் தொடங்கி 12 வரை. அதில்தான் அடிபட்டேன். எண் 1 போட்ட ஒன்று குழியில் முடிகிறது, குழியைத் தாண்டியதும் 2 மீட்டர் தரை. அடுத்தது எண் 2, அதன் 3 மீட்டரில் முள். தனித்தனியாக இரண்டும் சுலபம். ஒட்டியபின் குழிக்கும் முள்ளுக்கும் நடுவில் இருப்பது 5 மீட்டர், 8இல் ஓடும்போது அது 0.6 நொடிக்குச் சற்று மேல், 12இல் 0.42தான். வரைந்தவன் நானே அங்கே செத்தேன். செத்த இடத்தோடு அதற்கு முந்தைய பாதையின் பெயரையும் பதிந்து பார்த்தபோதுதான் ஒரே ஜோடி திரும்பத் திரும்ப வருவது தெரிந்தது. இப்போது அடுத்த பாதையை எடுக்கும்போதே இதைப் பார்க்கிறேன், tail முந்தையதன் கடைசித் தரை, head அடுத்ததில் முள் வரை உள்ள தூரம்:

```
(tail + head) / speed >= 0.6
```

சோமனூரிலிருந்து:
அதேதான்! நீங்கள் எண் போட்டது கண்ணிக்கு, பிணைப்புக்கு யாரும் போடவில்லை. ஆனால் வேகம் ஏற ஏறப் பொருந்தும் ஜோடி குறையும், ஒன்றுமே கிடைக்காதபோது நடுவில் வெறும் தரை செருக வேண்டிவரும். அதை 'இளைப்பாறல்' எனலாமா?

பொள்ளாச்சியிலிருந்து:
ஜோடிக் கணக்கு புரிகிறது, பிணைப்பு இருக்கட்டும். ஆனால் கண்ணி என்றால் எங்கள் பக்கம் முயலுக்கு வைக்கிற பொறி. 'கண்ணியில் விழுந்தான்' என்று கையேட்டில் படிப்பவர் எதை நினைப்பார்?

திருப்பூரிலிருந்து:
சாகத்தானே போகிறார், அதுவும் பொருத்தம்தான். சரி, பிணைப்பை இன்றே எழுதிவிடுகிறேன். இளைப்பாறல் மட்டும் வேண்டாம்ங்க, 12இல் ஓடுகிறவருக்கு அங்கே மூச்சுவிடக்கூட நேரமில்லை. துண்டா கண்ணியா என்று மற்றவர்களும் சொல்லுங்கள்.