மூக்கணாங்கயிறு இழுத்து மூக்கு கிழிந்தது, மாட்டைச் சாய்க்கவும் முடியவில்லை. குளம்பை எப்படிப் பார்ப்பது?

கோத்தகிரி பால்காரன்:
ஜெர்சி கலப்பு மாடு, மூன்றாம் ஈத்து ஆனது. இப்போது கறவையில் இல்லை. ஒரு வாரமாகப் பின்னங்கால் வலது குளம்பை ஊன்றாமல் நொண்டுகிறது. குளம்புக்கு மேலே வீக்கம் இருக்கிறது. காலைத் தூக்கினால் உதைக்கிறது. அதனால் போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு ஆட்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டுச் சாய்த்துப் பார்க்கலாம் என்று இறங்கினோம்.

கொட்டகை ரொம்பக் குறுகலானது, அதனால் வெளியே தேயிலைக் காட்டு ஓரத்தில் வைத்துச் செய்தோம். மூக்கணாங்கயிற்றைக் கம்பத்தில் குட்டையாகக் கட்டிவிட்டு, கழுத்தில் சுருக்குப் போட்டு இழுத்தோம். மாடு பின்னால் பாய்ந்ததில் மூக்கு கிழிந்து ரத்தம் வந்துவிட்டது. அப்புறம் சரிவில் தலை கீழே, பின்பக்கம் மேலே இருக்கும்படி விழுந்தது. இடது வயிறு உப்பிக்கொண்டு முனகியது. பயந்துபோய்க் கயிற்றை அறுத்துவிட்டோம். எழுந்து நின்றுவிட்டது. இப்போது கம்பத்தைப் பார்த்தாலே மிரள்கிறது. எந்த இடத்தில் தப்புச் செய்தோம், சரியாகச் சாய்ப்பது எப்படி?

தாளவாடி லாடக்காரர் மகன்:
அண்ணா, இதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம். எங்கள் அப்பா வண்டி மாட்டுக்கு லாடம் கட்டும்போது தினம் பத்து மாட்டைச் சாய்ப்பார். மூக்கணாங்கயிற்றை ஒருத்தர் நன்றாக இழுத்துத் தலையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டால் மாடு தானாகச் சாயும். நீங்கள் சின்ன ஆளைத் தலைக்கு விட்டிருப்பீர்கள். நல்ல பலசாலியை விடுங்கள்.

குன்னூர் ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்:
தலையைத் திருப்புவது சரிதான், தம்பி. ஆனால் மூக்கணாங்கயிறு நடத்திக்கொண்டு போக, ஒரு நிமிஷம் நிறுத்த மட்டும்தான். மாட்டின் எடை முழுவதும் மூக்கு நடுச்சவ்வில் தொங்கினால் அது கிழியத்தான் செய்யும். கம்பத்தில் கட்டுவதும் சாய்ப்பதும் தலைக்கயிற்றில்தான் இருக்க வேண்டும். உங்கள் அப்பா மூக்குக்கயிற்றைக் கையில் வைத்திருந்திருப்பார், கம்பத்தில் கட்டியிருக்க மாட்டார். கையில் இருந்தால் மாடு பாயும்போது விட்டுவிடலாம், கம்பம் விடாது.

கோத்தகிரித் தம்பி, மற்றதைச் சொல்வதற்கு முன் ஒன்று கேட்கிறேன். கறவையில் இல்லை என்றீர்களே, சினையா? எத்தனை மாதம்?

கோத்தகிரி பால்காரன்:
ஆமாம் சார், ஏழாம் மாதம் நடக்கிறது. அதை எழுத மறந்துவிட்டேன்.

குன்னூர் ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்:
அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்! இந்த மாட்டைச் சாய்க்கவே கூடாது. சினை முற்றிய மாட்டைத் தடாலென்று விழவைத்துப் புரட்டினால் கருப்பை முறுக்கிக்கொள்ள வாய்ப்பு உண்டு. அது பெரும்பாலும் ஈனும் நேரத்தில்தான் தெரியும், கன்று வெளியே வராது. ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் வயிற்று வலி போல வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, அடிக்கடி படுத்து எழுவது, தீவனம் எடுக்காமல் இருப்பது ஏதாவது இருந்தால் இன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். மயக்க ஊசி போடலாமே என்று யாராவது சொல்வார்கள். வழக்கமாகப் போடும் சைலசின் கருப்பையைச் சுருங்கவைக்கும், கடைசி மூன்று மாதத்தில் அதைத் தவிர்க்க வேண்டும்.

ஒரு குளம்பைப் பார்க்கச் சாய்க்க வேண்டிய அவசியமும் இல்லை. தலையை ஒரு சட்டத்தில் பிடித்து, நின்ற நிலையிலேயே காலைத் தூக்குங்கள். கொட்டகைக்குள் கற்பூர மரமோ சீகைக் கம்போ இரண்டை நட்டமாக ஊன்றுங்கள். ஒன்று அசையாமல் இருக்கட்டும். இன்னொன்றின் அடிப்பக்கத்தைப் போல்ட்டில் மாட்டி, மேல்பக்கம் சாய்ந்து திறக்கும்படி செய்யுங்கள். மாடு தலையை நுழைத்ததும் மூடி மேலே ஒரு முளையைச் செருகிவிடலாம். இரண்டு கம்பும் கீழ்வரை ஒரே இடைவெளியில் இருக்க வேண்டும். கீழே குறுகிக்கொண்டே போனால், மாடு முட்டி போட்டு விழும்போது கழுத்து நெரிபடும். கழுத்தை அளந்து, மூடியபின் தலை திரும்பப் போகாத அளவுக்கு விடுங்கள். முளை ஒரே அடியில் கழன்று வருகிறதா என்று மாட்டை விடுவதற்கு முன்னால் சோதித்துப் பாருங்கள். யாராவது ஒருவர் கடைசி வரை அந்த முளைக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

மாட்டின் இடதுபக்கம் சுவரோடு இருக்கட்டும், அப்போது மூன்று காலில் நிற்கும்போது சாயாது. பின்னங்காலில் பின்பக்கம் துருத்தி நிற்கும் மூட்டுக்குக் கொஞ்சம் மேலே மெத்தென்ற பருத்திக் கயிற்றைச் சுற்றி, மேலே உத்தரத்தில் போட்டு இழுங்கள். முனையைக் கட்டாதீர்கள், உத்தரத்தைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் பிடியுங்கள். காலை அளவுக்கு மீறி உயர்த்தாமல், பின்னால் கொஞ்சம் நீட்டினாற்போல வைத்தால் போதும். மூன்று நான்கு நிமிஷத்துக்கு ஒருதரம் இறக்கிவிட்டு மறுபடி தூக்குங்கள்.

கூடலூர் சின்னத்தோட்டம்:
சார், என் காளைக்குக் குளம்பு வளர்ந்து வளைந்துவிட்டது. சினை கிடையாதே, அதைச் சாய்க்கலாமா? யாரோ சொன்னார்கள், கழுத்தில் சுருக்குப் போட்டு நெஞ்சிலும் இடுப்பிலும் ஒவ்வொரு வளையம் போட்டு இழுத்தால் விழும் என்று.

குன்னூர் ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்:
விழும். ஆனால் கழுத்தில் சுருக்கு வேண்டாம், இறுகாத முடிச்சு போட வேண்டும். இழுக்க இழுக்கச் சுருக்கு மூச்சுக்குழலை அடைத்துவிடும். இடுப்பு வளையம் காளையின் குறி மேல் அழுந்தும், கறவை மாட்டில் மடியும் பால்நரம்பும் நசுங்கும். அதனால் நான் வேறு முறையில்தான் கட்டுவேன். 40 அடிக் கயிற்றின் நடுவைக் கழுத்தின் மேல் போடுங்கள். இரண்டு முனையையும் முன்னங்கால்களுக்கு நடுவில் விட்டு, நெஞ்சில் குறுக்காக மாற்றி, பக்கத்துக்கு ஒன்றாக முதுகுக்குக் கொண்டுபோய் அங்கேயும் குறுக்காக மாற்றுங்கள். கடைசியில் ஒவ்வொரு முனையும் பின்தொடைக்கும் மடிக்கும் நடுவில், காளையானால் தொடைக்கும் விதைப்பைக்கும் நடுவில், இறங்கிப் பின்னால் வரும். இரண்டையும் நேர் பின்னால் சமமாக இழுத்தால் மாடு மெல்லக் காலை மடக்கும்.

சமமான இடத்தில் வைக்கோல் பரப்பிச் செய்யுங்கள். நீலகிரியில் சமமான இடம் கிடைப்பதே கஷ்டம், தெரியும். கிடைக்காவிட்டால் தலை மேட்டுப் பக்கம் இருக்கும்படி விழ விடுங்கள். முந்தைய இரவே தீவனத்தை நிறுத்திவிட வேண்டும். விழுந்தபின் முகம் தரையில் இருக்க, வாய் கொஞ்சம் தாழ்ந்திருந்தால் எச்சிலும் இரை மீண்டு வந்ததும் வெளியே போகும், மூச்சுக்குழாயில் இறங்காது. பத்து நிமிஷத்துக்குள் முடித்து நெஞ்சில் உட்காரும்படி திருப்பிவிடுங்கள். இடது வயிறு மேடிட ஆரம்பித்தால் வேலை பாதியில் இருந்தாலும் விட்டுவிட வேண்டும்.

தாளவாடி லாடக்காரர் மகன்:
எந்தப் பக்கம் விழவைப்பது? அப்பா எப்போதும் இடது பக்கம்தான் சாய்ப்பார்.

குன்னூர் ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்:
எனக்குக் கற்றுத்தந்தவர் வலது பக்கம் என்பார், வயிறு மேலே இருக்கட்டும் என்று. இதில் ஆளுக்கு ஒரு சொல். வேலை செய்யும் கால் மேலே வர வேண்டும், சீக்கிரம் முடிக்க வேண்டும் என்பதே என் கணக்கு.

கோத்தகிரி பால்காரன்:
சார், சட்டம் செய்துவிட்டேன். கம்பம் என்றால் மிரண்டதால் இரண்டு நாள் சட்டத்துக்கு அந்தப் பக்கம் தவிட்டை வைத்துப் பழக்கினேன். மூன்றாம் நாள் தானாகத் தலையை நுழைத்தது. முளையைச் செருகியபோது ஒரு முறை இழுத்துப் பார்த்தது, அப்புறம் நின்றுவிட்டது. காலைத் தூக்கிக் கழுவினால் இரண்டு குளம்புக்கு நடுவில் ஒரு சல்லிக்கல் சிக்கியிருந்தது, மேலே தோல் வெடித்துச் சீழ். கல்லை எடுத்தேன். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-ஐ அழைத்ததில் டாக்டர் வந்து பார்த்து ஊசி போட்டார், சினை இருப்பதையும் சொல்லிவிட்டேன். இன்று கொஞ்சம் ஊன்றுகிறது.

மூக்குக் காயம் மட்டும் இன்னும் ஆறவில்லை. ஆறினதும் மறுபடி குத்திக் கயிறு போடுவதா, தலைக்கயிறே போதுமா?

கூடலூர் சின்னத்தோட்டம்:
தலைக்கயிறு போதும் அண்ணா, என் பசுக்களுக்கு அதுதான்.

தாளவாடி லாடக்காரர் மகன்:
பசுவுக்குப் போதும். வண்டி மாடென்றால், சாலையில் லாரி வரும்போது என்ன செய்வீர்கள்?