நிதிச் செலவு மைனஸில் நிற்கிறது: முந்தைய ஆண்டின் வட்டி மானியத்தை எங்கே காட்டுவது?

ஈரோட்டில் நெசவு ஆலை நடத்தும் சிறிய பிரைவேட் லிமிடெட் நிறுவனத்தின் கணக்கைப் பார்க்கிறேன். ஏஎஸ் 12 பொருந்தும். இந்திய ஏஎஸ் இல்லை. தறி வாங்கிய டேர்ம் லோனுக்கு, கட்டிய வட்டியில் பாதியை மாநில அரசு மானியமாகத் திருப்பித் தருகிறது.

2023-24இல் கட்டிய வட்டி 12 லட்சம், 2024-25இல் 10 லட்சம். முதலாண்டில் விண்ணப்பம் பரிசீலனையில் மட்டுமே இருந்ததால் எதையும் வரவு வைக்கவில்லை. 2025 பிப்ரவரியில் இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்து ஒப்புதல் கடிதம் வந்தது. மார்ச்சில் 11 லட்சம் வங்கியில் ஏறியது. வழக்கம்போல் வட்டிக் கணக்கிலேயே வரவு வைத்தேன். இலாப நட்டக் கணக்கில் நிதிச் செலவு மைனஸ் 1 லட்சம்! கடன் வாங்கியவனுக்கு வங்கியே வட்டி கொடுத்ததுபோல் இருக்கிறது.

முந்தைய ஆண்டுக்குரிய 6 லட்சத்தை முற்கால உருப்படியாக மாற்றிப் பார்த்தேன். தணிக்கையாளர் மறுத்துவிட்டார். அன்று ஒப்புதலே இல்லாதபோது அதை விட்டது பிழையாகாது என்றார், அது நியாயம்தான். 6 லட்சத்தை இதர வருமானத்தில் போட்டால், ஒரே மானியத்தை இரண்டு விதமாகக் காட்டுகிறாய் என்கிறார் முதலாளி. மொத்தத்தையும் கழித்தே வைத்தால், வட்டி ஈட்டு விகிதம் கேட்கும் வங்கிக்கு என்ன சொல்வது?

5 லட்சத்தை மட்டும் வட்டியில் கழித்து, 6 லட்சத்தை இதர வருமானத்தில் தனி வரியாகக் காட்டிக் குறிப்பு எழுதினால் ஏஎஸ் 12படி சரியா?