பங்கின் உள்ளார்ந்த மதிப்பு: ஒரு சொல் போதுமா?

ஜெயந்தி: கணக்கியல் சொற்பட்டியலில் இன்ட்ரின்சிக் வேல்யூவுக்கு 'உள்ளார்ந்த மதிப்பு' என்று போட்டிருக்கிறோம். பிரைவேட் கம்பெனிப் பங்குக்கும் இது சரிவருமா? ஈல்டு முறைக்கு 'விளைச்சல் முறை' என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு நெல் மூட்டைதான் கண்ணில் படுகிறது.

பாஸ்கர்: நல்ல சொல்தானே? சந்தை விலை அதற்குக் கீழே போனால் வாங்கலாம்.

கதிரேசன்: பாஸ்கர், பிரைவேட் கம்பெனிப் பங்குக்குச் சந்தை விலையே கிடையாது. அதனால்தான் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. ஒரு கம்பெனியில் பத்து ரூபாய்ப் பங்குகள் ஒரு லட்சம் என்று வைப்போம். நிலம் ஏட்டில் 20 லட்சம், இன்றைய விலையில் 60. இயந்திரம் 25, சரக்கும் வரவேண்டிய பாக்கியும் 30. கடன் 45 லட்சத்தைக் கழித்தால் மிச்சம் 70 லட்சம், அதாவது பங்குக்கு 70 ரூபாய். பூர்வாங்கச் செலவு என்று சொத்துப் பக்கம் ஏதாவது நின்றால் சேர்க்கக் கூடாது, அதை விற்றுக் காசாக்க முடியாது.

இப்போது ஈல்டு முறைப்படி லாபத்தைப் பாருங்கள். வரி போகச் சராசரி 4 லட்சம். 10 லட்சம் முதலுக்கு அது 40 சதவீதம். அந்தத் தொழிலில் வழக்கமான வரும்படி 16 சதவீதம் என்றால், 40-ஐ 16-ஆல் வகுத்துப் பத்தால் பெருக்க, 25 ரூபாய். நிலம் விலை ஏறியது, லாபம் ஏறவில்லை. எது உள்ளார்ந்தது?

மீனாட்சி: இரண்டுக்கும் சராசரி 47.50. நியாய மதிப்பு என்று அதைத்தான் வகுப்பில் சொல்லித்தருகிறோம்.

கதிரேசன்: தேர்வுக்குச் சரி, டீச்சர். ஆனால் 1980-இல் குசும்பென் மகாதேவியா நன்கொடை வரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டையும் கலப்பதை ஏற்கவில்லை. நடக்கிற கம்பெனிக்கு லாபத்தை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும், சொத்துக் கணக்கு கம்பெனியை மூடும் நிலை போன்றவற்றுக்கு என்றது.

செல்வி: குறுக்கிடுகிறேன். எங்கள் சித்தப்பா குடும்ப அச்சகக் கம்பெனியில் இருந்து விலகுகிறார், அவரிடம் 5 சதவீதப் பங்கு. நிலம் ஊருக்கு நடுவில். 70 மாதிரி கேட்கலாமா?

கதிரேசன்: கேட்கலாம், கொடுப்பார்களா என்பது வேறு. 5 சதவீதம் வைத்திருப்பவர் நிலத்தை விற்கச் சொல்ல முடியாது. அவர் கைக்கு வருவது டிவிடெண்ட் மட்டும். என் உதாரணத்தில் அது 12 சதவீதம் என்றால், அதே 16-ஆல் வகுத்துப் பத்தால் பெருக்க, பங்கு 7.50 ரூபாய்தான். முதலில் கம்பெனியின் சங்க நடைமுறை விதிகளை எடுத்துப் பாருங்கள், மதிப்பிடும் முறை அதிலேயே இருக்கலாம்.

ஜெயந்தி: அப்படியானால் 'சொத்துவழி மதிப்பு', 'ஈட்டுவழி மதிப்பு' என்று பிரித்துவிடலாமா?

மீனாட்சி: டிவிடெண்டை வைத்துப் போடுவது 'ஈவுவழி'யா? ஈட்டு, ஈவு... மாணவர்கள் குழம்புவார்கள்.

கதிரேசன்: அதற்குப் 'பங்காதாய வழி' என்று வையுங்கள். 'உள்ளார்ந்த' என்பதை என்ன செய்வது? பல ஆடிட்டர்கள் இன்ட்ரின்சிக் என்றால் சொத்து முறையை மட்டும்தான் நினைப்பார்கள்.

பாஸ்கர்: அதையும் எடுத்துவிட்டால் நான் எதைத் தேடுவேன்?

ஜெயந்தி: இப்போதைக்குச் சொத்துவழி மதிப்புக்கு மாற்றுச் சொல்லாகப் போட்டு வைக்கிறேன். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.