பழைய கல்லூரி செட் கூடும் ராத்திரிக்கு எந்தப் படம்? சிரிப்பா, நட்புக் கதையா?

கடைசிபெஞ்ச்:
காலேஜ் செட் ஒன்பது பேர், இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து. ஆறு ஆண்கள், மூணு பெண்கள். ஒரு வீடு எடுத்து ரெண்டு நாள் தங்கறோம். முதல் நாள் ராத்திரி ஒரு படம் பார்க்கலாம்னு பேச்சு. கூட்டமா நடிச்ச காமெடி போடலாமா, நட்புக் கதை போடலாமா? தேர்ந்தெடுக்கற பொறுப்பு என் தலையில கட்டியாச்சு.

திண்ணைவாசி:
இதுல யோசிக்க என்ன இருக்கு? '96' போடுங்க. ரீயூனியன்னா அதுதான். அது வேண்டாம்னா 'நண்பன்'. ரெண்டுல ஒண்ணு போதும், கேள்வி முடிஞ்சுது.

ரீல்பெட்டி:
முடியலைங்க திண்ணைவாசி. '96' ரீயூனியன்ல ஆரம்பிக்கற படம், ரீயூனியனைப் பத்தின படம் இல்லை. 22 வருஷம் கழிச்சு பழைய பத்தாம் வகுப்பு கூடுது, அது சரி. அந்த இடத்தை விட்டு ராமும் ஜானுவும் கிளம்பினதுக்கு அப்புறம் மத்தவங்களுக்கு அங்க பெரிசா வேலை இல்லை. மிச்ச ராத்திரி ரெண்டு பேரோடது. ஒன்பது பேர் உட்கார்ந்து ரெண்டு பேரோட அந்தரங்கத்தைப் பார்க்கணும். தனியா பார்க்க எனக்கும் பிடிச்ச படம்தான்.

'நண்பன்' மூணு மணி நேரத்துக்கு மேல. பயணம் பண்ணி வந்த நாற்பது வயசுக்காரங்க, முதல் ராத்திரி. இடைவேளைக்கு அப்புறம் பாதிப் பேர் குறட்டை.

மழைக்குருவி:
'96' பத்தி நான் சொல்லணும். எங்க செட் கூடினப்போ அதைத்தான் போட்டாங்க. காலேஜ்ல காதலிச்சுப் பிரிஞ்ச ரெண்டு பேர் அதே ஹால்ல, ஆளுக்கொரு மூலையில. போட்டவனுக்கு அது தெரியும், மறந்துட்டானாம். படம் ஓட ஓட ஒருத்தரும் வாயைத் திறக்கலை. சிரிக்க வேண்டிய இடத்துல கூட யார் முதல்ல சிரிக்கறதுன்னு பார்த்துட்டிருந்தோம். அவ போன் வந்த மாதிரி எழுந்து வெளியே போனா, படம் முடியற வரைக்கும் உள்ளே வரலை. போன் அடிக்கவே இல்லைங்கறது எல்லாருக்கும் தெரியும்.

சும்மாவந்தவர்:
ஒன்பது பேர்னா அதிகம் ப்ரோ. ஸ்கிட்டுக்கு ஆறு பேர் போதும். ஒருத்தர் பிரின்ஸிபால், ஒருத்தர் வாட்ச்மேன், மீதி பசங்க. பத்து நிமிஷத்துக்கு மேல போனா ஜட்ஜ் மார்க் குறைப்பாங்க.

கடைசிபெஞ்ச்:
ப்ரோ, நாங்க நடிக்கலை, பார்க்கறோம். போட்டியும் இல்லை. பிரின்ஸிபால் வேஷத்துக்கு எங்ககிட்ட ஆள் இருக்குங்கறது வேற விஷயம்.

ரீல்பெட்டி:
என் ஓட்டு 'பஞ்சதந்திரம்', 2002. நல்ல காமெடி நிறைய இருக்கு, இதை மட்டும் ஏன் சொல்றேன்னா, பழைய நண்பர்கள் கூடின ஹால்ல யாரும் திரையையே பார்த்துட்டு இருக்க மாட்டாங்க. ஒருத்தன் திரும்பி "டேய், இவன் நம்ம இவனை மாதிரியே இல்லை?"ம்பான். அடுத்த ரெண்டு நிமிஷம் படம் போச்சு. ரகசியத்தை வச்சு நகர்ற கதைன்னா அந்த ரெண்டு நிமிஷத்துல நூல் அறுந்துடும். அப்புறம் பாஸ் பண்ணு, பின்னாடி போன்னு சண்டை.

இந்தப் படத்துல அந்தக் கவலை இல்லை. கமலோட சேர்ந்து ஐந்து நண்பர்கள். மீதி நாலு பேரைப் பாருங்க: நாயர், ஹெக்டே, ரெட்டி, அய்யர். ஜெயராம், ரமேஷ் அரவிந்த், ஸ்ரீமன், யூகி சேது. நாலு பேரும் தமிழ்தான் பேசறாங்க, ஆனா ஒவ்வொருத்தர் தமிழ்லயும் மலையாளமோ கன்னடமோ தெலுங்கோ அக்ரஹாரமோ எட்டிப் பார்க்கும். நீங்க பக்கத்துல இருக்கறவன்கிட்ட திரும்பிப் பேசிட்டிருந்தாலும் திரையில யார் மாட்டிக்கிட்டான்னு காதே சொல்லிடும். கிரேஸி மோகன் வசனம் வேற. ஒரு சிரிப்பை விட்டாலும் அடுத்தது வாசல்ல நிக்கும்.

இன்னொண்ணு. அஞ்சு பேரும் சேர்ந்து ஒரு பொய் சொல்றாங்க, அந்தப் பொய்யைக் காப்பாத்த அடுத்த பொய், பிணம் ஒண்ணு கைக்கு வந்த பிறகு அதுக்கும் மேல. நடுவுல வந்து உட்கார்றவனுக்கு "பொண்டாட்டிகளுக்குத் தெரியக் கூடாது"ன்னு ஒரு வரி சொன்னா போதும், கதைக்குள்ள வந்துடுவான்.

மழைக்குருவி:
அந்த ஒரு வரிதான் எனக்கு இடிக்குது ரீல்பெட்டி சார். அந்தச் சிரிப்புல பாதி, சந்தேகப்படற மனைவிகளை ஏமாத்தறதுல இருக்கு. நான் ஆணுங்க நடுவுல உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கேன். சிம்ரன், ஊர்வசி எல்லாரும் நல்லாத்தான் பண்ணியிருக்காங்க, மறுக்கலை. ஆனா 'ஐந்து நண்பர்கள்'ங்கற வட்டத்துக்குள்ள ஒரு பொண்ணு கிடையாது. இவங்க செட்டுல மூணு பெண்கள். அவங்களும் அதே கான்டீன் பெஞ்சுல உட்கார்ந்தவங்கதானே, திரையில அவங்க யாரு?

ரீல்பெட்டி:
நியாயம்தான் மேடம். நம்ம கூட்டுக் காமெடிகள்ல நண்பர் வட்டம்னாலே ஆண்கள் வட்டம்தான். 'சென்னை 600028 II' (2016) சொல்லலாம்னு இருந்தேன். முதல் படம் வந்து 9 வருஷம் கழிச்சு பெரும்பாலும் அதே பசங்க, உண்மையிலேயே வயசு கூடி, கல்யாணம் ஆகி வர்றாங்க. ரீயூனியனுக்கு அது ஒரு தனி ருசி, மேக்கப் போட்டுக் கிழவனாக்கலை. ஆனா அங்கயும் மனைவிகள் கிரிக்கெட்டுக்குத் தடை போடறவங்களாத்தான் வர்றாங்க. உங்க ஆட்சேபணை அப்படியே நிக்குது.

திண்ணைவாசி:
பெண்ணும் இருக்கணும், காலேஜும் இருக்கணும், கூட்டமும் இருக்கணும்னா 'சிச்சோரே'. 2019. இந்திதான், ஆனா ஹாஸ்டல் ஜோக்குக்கு பாஷை எதுக்கு? வயசான பிறகு செட் திரும்பக் கூடுது, பழைய கதை நடுநடுவே வருது. சிரிச்சு வயிறு வலிக்கும். இதுக்கும் குத்தம் கண்டுபிடிங்க பார்ப்போம்.

இரண்டாம்ஆட்டம்:
எனக்கு அடிப்படையிலேயே மாற்றுக் கருத்து. இருபது வருஷம் கழிச்சு கூடறாங்க. சிரிக்கறதுக்குப் படம் எதுக்கு? ஒருத்தன் பழைய பட்டப்பேரைச் சொன்னா போதும், விடிய விடிய சிரிப்பாங்க. தானா வராதது மத்த பேச்சுதான்: யார் என்ன ஆகணும்னு நினைச்சோம், என்ன ஆனோம். அதைத் தொடங்க ஒரு படம் உதவும்.

'தி பிக் சில்', 1983ல வந்த இங்கிலீஷ் படம். லாரன்ஸ் காஸ்டன் எடுத்தது. கல்லூரி நண்பர்கள் ஒருத்தனோட இறுதிச் சடங்குக்கு வந்து, வாரக் கடைசியை ஒரே வீட்டுல கழிக்கறாங்க. சமைக்கறாங்க, ஆடறாங்க, சண்டை போடறாங்க. ஒன்றே முக்கால் மணி நேரம்தான். செத்துப்போன அலெக்ஸா நடிச்சது கெவின் காஸ்ட்னர். அவரை வச்சு எடுத்த பழைய நினைவுக் காட்சியைக் கடைசியில வெட்டிட்டாங்க. அதனால அவன் முகம் படத்துல ஒரு தடவை கூட வர்றதில்லை. பார்க்கறவங்க அந்த இடத்துல அவங்கவங்களுக்குத் தெரிஞ்ச முகத்தை வச்சுக்கறாங்க. ரீல்பெட்டி சார் சொல்ற படங்கள்ல இது நடக்காது.

ரீல்பெட்டி:
நடக்க வேண்டாம்னுதான் சொல்றேன். "நாம என்ன ஆனோம்"கிற கேள்வியை ஒன்பது பேர் முன்னாடி, முதல் ராத்திரியே வச்சா, வாழ்க்கையில சறுக்கினவன் சீக்கிரமா படுக்கப் போயிடுவான். வேலை போனவன் இருக்கலாம், விவாகரத்து ஆனவங்க இருக்கலாம். யாருக்கு எதுன்னு கடைசிபெஞ்சுக்கே இன்னும் தெரியாது.

கடைசிபெஞ்ச்:
முதல்லயே சொல்லியிருக்கணுமோ என்னவோ. செட் பத்து பேர். ஒருத்தன் இப்ப இல்லை. எப்படிப் போனான்னு இங்க எழுத வேண்டாம்னு பார்க்கறேன். புரிஞ்சுக்குவீங்க.

ரீல்பெட்டி:
புரியுது. அப்படின்னா 'சிச்சோரே' வேண்டாம். திண்ணைவாசி, உங்களுக்கு ஹாஸ்டல் காட்சிகள் நினைவிருக்கு, சட்டகம் மறந்துபோச்சு. நுழைவுத் தேர்வுல தவறின மகன் உயிரை விட முயற்சி பண்றான், ஆஸ்பத்திரியில கிடக்கற அவனுக்குத் தெம்பு தரத்தான் அப்பா பழைய செட்டைக் கூப்பிட்டு அந்தக் கதையைச் சொல்றார். ஒவ்வொரு ஜோக் முடியறப்பவும் கேமரா அந்தக் கட்டிலுக்குத்தான் திரும்புது. அந்த அப்பாவா நடிச்ச சுஷாந்த் சிங் ராஜ்புத் 2020ல இறந்துபோனதும் பார்க்கறவங்க மனசுல ஓடும்.

'பிக் சில்'லும் அதே வாசல்தான். டைட்டில் ஓடும்போதே உடலுக்குச் சட்டை போட்டு விடறாங்க, மணிக்கட்டுல தையல் தெரியும். இரண்டாம்ஆட்டம் அதைச் சொல்லலை.

இரண்டாம்ஆட்டம்:
வேணும்னே மறைக்கலை, அது முதல் சில நிமிஷம். ஆனா சார், பத்தாவது ஆளைப் பத்தி பேசாமயே ரெண்டு நாள் ஓட்டிடுவாங்கன்னு நினைக்கறீங்களா? பிணத்தைத் தூக்கிட்டு ஓடற காமெடியைப் போட்டா மட்டும் அவன் நினைப்பு வராதா?

ரீல்பெட்டி:
வரலாம். அது வேடிக்கைப் பிணம், யாரும் அதுக்காக அழறதில்லை, அதனால தாங்கும்னு நினைக்கறேன். ஆனா அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆளைப் பொறுத்தது.

மழைக்குருவி:
கடைசிபெஞ்ச் அண்ணா, அவனோட ரொம்ப நெருக்கமா இருந்தது யாரோ அவங்ககிட்ட மட்டும் தனியா கேட்டுடுங்க. குரூப்ல போடாதீங்க, குரூப்ல எல்லாரும் "எதுன்னாலும் ஓகே"தான் சொல்வாங்க. அப்படியே அந்த மூணு பெண்கள்ல ஒருத்தரைக் கேளுங்க, 'பஞ்சதந்திரம்' சரியான்னு. எனக்கு இடிச்சது அவங்களுக்கும் இடிக்கணும்னு இல்லை.

திண்ணைவாசி:
ஒரு படம் போட இத்தனை விசாரணையா? போட்டுட்டு பிடிக்கலைன்னா நிறுத்திக்கலாமே. நம்ம படத்துலதான் இடைவேளைன்னு ஒண்ணு இருக்கே.

ரீல்பெட்டி:
இது உருப்படியான பேச்சு. இடைவேளை வரைக்கும்னு முன்னாடியே சொல்லி வைங்க. அப்ப பேச்சு சூடு பிடிச்சிருந்தா டிவியை அணைச்சுடுங்க. "இன்னும் பாதி இருக்கு, உட்காருங்கடா"ன்னு யாரும் கூப்பிடக் கூடாது.

கடைசிபெஞ்ச்:
சரி. முதல் ராத்திரி 'பஞ்சதந்திரம்', இடைவேளை வரைக்கும். பெண்கள்ல ஒருத்திகிட்ட கேட்டுட்டேன், "நாயர் வர்ற சீன்லாம் எனக்கு மனப்பாடம், போடு"ன்னா. அவனோட ரூம்மேட்கிட்ட இன்னும் பேசலை. போன் எடுத்தா என்ன வார்த்தையில கேக்கறதுன்னு தெரியலை.

இரண்டாம்ஆட்டம்:
"அவன் இருந்தா எதைப் போடச் சொல்லியிருப்பான்?"னு கேளுங்க. பேச்சு தானா வரும். ரெண்டாம் நாள் ராத்திரி என் படத்தைப் பத்தி முடிவு பண்ணிக்கலாம்.

ரீல்பெட்டி:
ரெண்டாம் நாள்னா என் எதிர்ப்பு பாதி குறையும். அந்த ரூம்மேட் சரின்னா பாருங்க. ஆனா அது முழுக்கப் பேச்சுப் படம், சப்டைட்டில் இல்லாம ஓடாது. ஒன்பது பேர்ல கண்ணாடி மறந்துட்டு வர்றவங்க எத்தனை பேர்?

கடைசிபெஞ்ச்:
நாலு. என்னையும் சேர்த்து.